14-ஆ 41-ஆ: ஒரு வீட்டின் தவறான பின்கோடும் அதைத் திருத்த எழுதிய இரண்டு கடிதங்களும்

அக்கா வீட்டுக்கு வரும் தபால் இரண்டு வருடமாகத் தாமதமாக வந்துகொண்டிருந்தது. சில தபால் இரண்டே நாளில் வரும், சில பத்து நாள் கழித்து, மூலை மடங்கி, முதுகில் நாலைந்து முத்திரை வாங்கிக்கொண்டு வரும். ஒரு வங்கி அட்டை வரவேயில்லை, "முகவரியில் இல்லை" என்று திரும்பிப் போய்விட்டதாகக் குறுஞ்செய்திதான் வந்தது. அக்காவும் அத்தானும் அந்த வீட்டில்தான் நாள் முழுக்க இருக்கிறார்கள். "நான் எங்கடா போனேன், வாசல்லதானே உக்காந்திருக்கேன்" என்று அக்கா கேட்டபோது பதில் சொல்லத் தெரியவில்லை.

கவர்களை எடுத்துப் பார்த்தபோது ஒன்று கண்ணில் பட்டது. சிலவற்றில் பின்கோடு 14 என்று முடிந்தது, சிலவற்றில் 41 என்று. முன்னால் இருக்கும் இலக்கங்கள் இரண்டிலும் ஒன்றேதான், அதனால் இங்கே கடைசி இரண்டை மட்டும் எழுதுகிறேன். 14 சரி, 41 தப்பு என்று தெரிந்தது. யாரோ தட்டச்சில் எண்ணை முன்பின்னாக அடித்துவிட்டார்கள், அது பரவிவிட்டது என்று முடிவு கட்டினேன். அந்த முடிவு தப்பு. ஆனால் அதை நம்பித்தான் முதல் கடிதத்தை எழுதினேன்.

அந்த முதல் கடிதத்தின் சாரம் ஒரே வரி: "எங்கள் வீட்டு முகவரியில் பின்கோடு 14 என்பதற்குப் பதிலாக 41 என்று தவறாக வருகிறது, தயவுசெய்து திருத்தித் தரவும்." வீட்டுக்குத் தபால் கொண்டு வரும் அஞ்சலகத்திலேயே கொடுத்தேன். இரண்டு வாரத்தில் பதில் வந்துவிட்டது, அதுவே ஆச்சரியம். "தங்கள் வீடு இந்த அலுவலகத்தின் பட்டுவாடா எல்லைக்குள் உள்ளது. எங்கள் பதிவேட்டில் பின்கோடு 14 என்று சரியாகவே உள்ளது. தவறான பின்கோடு இட்டு அனுப்புபவர்களைத் தொடர்பு கொள்ளவும்." படித்ததும் எரிச்சல் வந்தது. பிறகு யோசித்தால், அவர்கள் சொன்னதில் ஒரு பொய்யும் இல்லை. அவர்கள் வைத்திருந்த பதிவேட்டில் தப்பே இல்லை, திருத்த எதுவும் இல்லாத இடத்தில் போய்த் திருத்தம் கேட்டிருக்கிறேன்.

முதலில் கேட்க வேண்டிய கேள்வியை அப்போதுதான் கேட்டேன். தவறான எண் எங்கே உட்கார்ந்திருக்கிறது? அது மூன்று இடத்தில் இருக்கலாம். தபால் அனுப்புகிற வங்கி, காப்பீடு, மின்வாரியம் போன்றவர்களின் சொந்தப் பதிவில் இருக்கலாம். அஞ்சல் துறை வைத்திருக்கும் தெருவாரியான பின்கோடு பட்டியலில் இருக்கலாம். அல்லது அந்தப் பட்டியலை எப்போதோ நகலெடுத்து, இணையப் படிவங்களுக்கு முகவரி நிரப்பிக் கொடுக்கும் யாரோ ஒருவரிடம் இருக்கலாம். அஞ்சலகத்துக்கு எழுதும் கடிதத்தால் இரண்டாவது இடத்தை மட்டும்தான் தொட முடியும். முதலாவதில் இருந்தால் அஞ்சலகம் என்ன செய்யும், பாவம்.

ஒரே ஒருவர் மட்டும் தப்பான எண் போட்டு அனுப்புகிறார் என்றால் தப்பு அவரிடம். ஒருவருக்கொருவர் சம்பந்தமே இல்லாத பலர் ஒரே தப்பான எண்ணைப் போடுகிறார்கள் என்றால், அவர்கள் எல்லோரும் ஒரே ஊற்றிலிருந்து எடுக்கிறார்கள். அக்கா வீட்டில் நடந்தது இரண்டாவது வகை. உறுதியானது எப்படியென்றால், ஒரு இணையப் படிவத்தில் அக்கா கதவு எண்ணையும் தெருப் பெயரையும் மட்டும் அடித்தாள், பின்கோடு கட்டம் தானாக நிரம்பியது. 41. அவள் அந்த எண்ணைத் தொடவே இல்லை. அதே படிவத்தில் 12-ஆம் எண் வீட்டைப் போட்டுப் பார்த்தோம், 41. தெருவின் கடைசியில் இருக்கும் 130-ஐப் போட்டோம், அதற்கும் 41.

அப்போதுதான் தெருவின் அமைப்பு உறைத்தது. அந்தத் தெருவை நடுவில் ஒரு ரயில் பாதை வெட்டிக்கொண்டு போகிறது. பாதைக்கு இந்தப் பக்கம் 1 முதல் 64 வரை பழைய வீடுகள். அந்தப் பக்கம் 65-இலிருந்து பின்னால் கட்டியவை என்று கணக்குப் போட்டேன், அக்கா வீடு 87. தபால்காரர் சைக்கிளை ரயில் பாதையைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போக முடியாது, சுற்றிப் போனால் நேரம் ஆகும், அதனால் அந்தப் பக்கத்து வீடுகளை வேறொரு அஞ்சலகம் பட்டுவாடா செய்கிறது. நடைமுறை இப்படி ஓடிக்கொண்டிருக்க, பட்டியலில் மட்டும் அந்தத் தெரு ஒரே வரியாகவே இருந்தது: தெருப் பெயர், 41. வீட்டு எண் வாரியாகப் பிரிக்கவே இல்லை. 14-உம் 41-உம் ஒன்றையொன்று புரட்டிப் போட்டதுபோல இருந்தது வெறும் தற்செயல், அதுதான் என்னை ஏமாற்றியது. அவை பக்கத்துப் பக்கத்து இரண்டு அஞ்சலகங்களின் உண்மையான எண்கள்.

பின்கோடு எதைச் சுட்டுகிறது என்பது எல்லா நாட்டிலும் ஒன்றில்லை, அதைப் பொறுத்துத்தான் கடிதத்தில் என்ன கேட்பது என்பதும் மாறும். இந்தியாவில் 1972 ஆகஸ்ட் 15 முதல் இருக்கும் ஆறு இலக்க எண்ணில் முதல் மூன்றும் சேர்ந்து தபால் பிரிக்கும் மாவட்டத்தைக் காட்டும், கடைசி மூன்றும் பட்டுவாடா செய்யும் அஞ்சலகத்தைக் காட்டும். சிங்கப்பூரின் ஆறு இலக்க எண் பெரும்பாலும் ஒரு கட்டடத்தையே காட்டும். அயர்லாந்தில் 2015-இல் வந்த முறையில் எழுத்தும் எண்ணும் கலந்து ஒவ்வொரு முகவரிக்கும் தனிக் குறியீடு. கட்டடத்துக்கோ வீட்டுக்கோ தனி எண் தரும் இடத்தில் எண் தப்பினால் தபால் வேறு யாரோ ஒருவர் வாசலுக்கே போகும், அங்கே "என் வீட்டுக்கு உரிய எண்ணைப் பதிவில் சரிசெய்யுங்கள்" என்று கேட்க வேண்டும். அஞ்சலகத்துக்கு ஒரு எண் தரும் இடத்தில் "என் வீடு எந்த அஞ்சலகத்தின் பட்டுவாடாவில் இருக்கிறதோ அந்த எண்ணைப் பட்டியலில் போடுங்கள்" என்று கேட்க வேண்டும். அக்கா வீட்டுக்கு இந்த இரண்டாவது கதைதான். எந்த முறையாக இருந்தாலும் நமக்குப் பிடித்த எண்ணைக் கேட்டு வாங்க முடியாது. தபால்காரர் போகும் வழியைப் பார்த்துப் போடும் எண் இது, ஊராட்சி எல்லை, வார்டு எல்லை எல்லாம் இதற்குப் பொருந்த வேண்டிய அவசியமும் இல்லை. கடிதத்தில் "எங்கள் வார்டில் எல்லோருக்கும் 14" என்று எழுதினால் அது வாதமே ஆகாது.

சரி, ஆதாரம். நாற்பது நாள் எந்தக் கவரையும் தூக்கிப் போடாதே என்று அக்காவிடம் சொன்னேன். திரும்பிப்போன வங்கி அட்டையையும் சேர்த்து மொத்தம் ஒன்பது. 14 போட்டு வந்தவை நான்கு, நான்குமே முதல் முத்திரை விழுந்த தேதியிலிருந்து இரண்டு மூன்று நாளில் வந்துவிட்டன. 41 போட்டவை ஐந்து. அதில் மூன்று முறையே 7, 8, 11 நாள் எடுத்தன, ஒன்றுதான் அந்த அட்டை. ஐந்தாவது மட்டும் தப்பான எண்ணோடு மூன்றாம் நாளே வந்து நின்றது! அது கையால் எழுதிய கவர். அதை எடுத்துப் பிரித்தவர் தெருவும் வீட்டு எண்ணும் தெரிந்த ஆளாக இருந்திருக்க வேண்டும், எண்ணைப் பார்க்காமல் முகவரியைப் படித்துப் போட்டிருக்கிறார். இந்த விதிவிலக்கை மறைக்காமல் கடிதத்தில் எழுதினேன், மற்ற நான்கின் கணக்கை நம்பவைத்ததே அதுதான் என்று நினைக்கிறேன்.

அந்த 11 நாள் கவரைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதில் 41-இன் தேதி முத்திரை இரண்டு தடவை விழுந்திருந்தது, 14-இன் முத்திரை கடைசியில்தான். யாரோ ஒருவர் 41-ஐ அடித்துவிட்டுப் பேனாவால் 14 என்று எழுதியும் இருக்கிறார். அப்படியும் ஏன் திரும்பப் போனது? கவரின் அடியில் சின்னச் சின்னக் கோடுகளாக ஒரு பட்டைக்குறி இருந்தது. இயந்திரம் தபால் பிரிக்கும் இடங்களில் முதல் தடவை முகவரியைப் படித்ததும் போக வேண்டிய இடத்தை இப்படிக் கோடுகளாக அச்சடித்துவிடும், அதற்கப்புறம் வரும் இயந்திரங்கள் முகவரியைத் திரும்பப் படிக்காது, கோட்டை மட்டுமே படிக்கும். மனிதர் பேனாவால் திருத்தியது இயந்திரத்துக்குத் தெரியவே தெரியாது. அதனால் தப்பான அஞ்சலகத்துக்கு வந்த தபாலைத் திருப்பி அனுப்பும்போது அந்தப் பட்டைக்குறியையும் சேர்த்து அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் அது சுற்றிக்கொண்டே இருக்கும். உங்கள் வீட்டுக்கு வேறொருவர் தபால் தப்பி வந்து நீங்கள் அதைத் திரும்பப் பெட்டியில் போடும்போதும் இதைச் செய்யலாம். முகவரியை விட்டுவிட்டு அடியில் உள்ள கோடுகளை மட்டும் பேனாவால் கிறுக்கிவிடுங்கள்.

இன்னொரு சோதனையும் செய்தேன், செலவு தபால்தலை மட்டும். ஒரே மாதிரி இரண்டு கவர், ஒரே அச்செழுத்தில் முகவரி, ஒரே நாள் ஒரே பெட்டி. ஒன்றில் 14, ஒன்றில் 41. மூன்று வாரம், வாரத்துக்கு ஒரு ஜோடி. 14 போட்டவை மூன்றும் இரண்டாம் நாள், 41 போட்டவை 6, 8, 7 நாள். பின்கோட்டைத் தவிர வேறு எதுவும் மாறவில்லை என்பதால், "மழை, விடுமுறை, ஆள் பற்றாக்குறை" என்று யாரும் காரணம் சொல்ல இடமில்லாமல் போனது.

இரண்டாவது கடிதத்தை யாருக்கு எழுதுவது என்று அங்கே இங்கே விசாரித்தேன். தபால் கொண்டு வரும் அஞ்சலகத்தால் பட்டியலை மாற்ற முடியாது, அந்தப் பகுதி அஞ்சலகங்களுக்கு மேலே இருக்கும் அலுவலகம்தான் பட்டியலைப் பராமரிக்கிறது என்று கவுண்டரில் இருந்தவர் சொன்னார். அதனால் கடிதம் மேல் அலுவலகத்துக்கு, நகல் இரண்டு அஞ்சலகங்களுக்கும். 41 அஞ்சலகத்துக்கு எதற்கு நகல் என்று அத்தான் கேட்டார். அவர்கள்தான் வாரத்துக்கு நாலைந்து தபாலை அடித்துத் திருப்பி அனுப்பி அலுத்துப் போயிருப்பவர்கள், நமக்காகப் பேச அவர்களுக்கே காரணம் இருக்கிறது என்றேன். பக்கத்து வீடுகளில் கேட்டபோது இன்னும் மூன்று வீட்டில் இதே தொல்லை. அவர்களும் கையெழுத்துப் போட்டார்கள்.

கடிதம் இதுதான். பெயர், தெரு, முழு எண் ஆகியவற்றை மட்டும் எடுத்துவிட்டேன்.

அனுப்புநர்: (பெயர்), கதவு எண் 87, (தெரு), (ஊர்), பின்கோடு …14.

பெறுநர்: மேல் அலுவலக அதிகாரி. நகல்: …14 அஞ்சலகம், …41 அஞ்சலகம்.

பொருள்: (தெரு), கதவு எண் 65 முதல் உள்ள வீடுகளுக்குப் பின்கோடு பட்டியலில் …41 என்று இருப்பதை …14 என்று திருத்தக் கோருதல்.

ஐயா / அம்மா,

மேற்கண்ட தெருவில் ரயில் பாதைக்கு அப்பால் உள்ள 65 முதலான வீடுகளுக்கு …14 அஞ்சலகமே தபால் பட்டுவாடா செய்கிறது. இதை அந்த அலுவலகம் எழுத்துமூலம் உறுதி செய்துள்ளது (இணைப்பு 1). ஆனால் பின்கோடு பட்டியலில் தெரு முழுவதற்கும் …41 என்ற ஒரே பதிவு உள்ளது.

இதனால் …41 என்று குறித்து வரும் தபால்கள் முதலில் அந்த அலுவலகத்துக்குச் சென்று, அங்கிருந்து திருப்பி அனுப்பப்பட்டு வருகின்றன. நாற்பது நாட்களில் எனக்கு அனுப்பப்பட்ட இத்தகைய ஐந்து தபால்களில் மூன்று வந்து சேர 7 முதல் 11 நாட்கள் ஆயின, ஒன்று அனுப்பியவருக்கே திரும்பியது, கையால் எழுதிய ஒன்று மட்டும் மூன்றாம் நாள் வந்தது. …14 என்று குறித்த நான்கும் மூன்று நாட்களுக்குள் வந்தன (இணைப்பு 2: உறைகளின் முன்புறம், பின்புறம், முத்திரைகளின் படங்கள்).

கோரிக்கை: ஒன்று, பட்டியலில் இத்தெருவை 1–64 …41 என்றும், 65 முதல் …14 என்றும் இரண்டு பதிவுகளாகப் பிரிக்க வேண்டும். இரண்டு, என் வீட்டுக்கு உரிய பின்கோடு …14 என்று எழுத்துமூலம் உறுதி தர வேண்டும். மூன்று, திருத்தம் நடைமுறைக்கு வரும்வரை …41 குறித்து வரும் இந்த வீடுகளின் தபால்களை அனுப்பியவருக்குத் திருப்பாமல் …14 அலுவலகத்துக்கு அனுப்பிவைக்க அறிவுறுத்த வேண்டும்.

இதே நிலையில் உள்ள மேலும் மூன்று வீட்டாரின் கையெழுத்து இணைப்பு 3-இல் உள்ளது. தெருவின் கைவரைபடம் இணைப்பு 4.

இணைப்பு 1 எது என்று கவனித்தீர்களா? முதல் கடிதத்துக்கு வந்த, எனக்கு எரிச்சல் மூட்டிய அந்தப் பதில்தான். "தங்கள் வீடு எங்கள் எல்லைக்குள் உள்ளது" என்று முத்திரையோடு அவர்களே எழுதிக் கொடுத்திருந்தார்கள். அதைவிடப் பெரிய சான்று எங்கே கிடைக்கும்! கிழித்துப் போடாமல் இருந்தது அக்காவின் புண்ணியம்.

முதல் கடிதத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தைக் கொஞ்சம் சொல்கிறேன். முதலாவது "என் பின்கோடு தப்பு" என்றது, அதைப் படிப்பவர் தன் பதிவேட்டைத் திறந்து பார்த்து, சரியாக இருக்கிறதே என்று மூடிவிட முடியும். இரண்டாவது எந்தப் பட்டியலில், எந்த வரியில், எதை எதுவாக மாற்ற வேண்டும் என்று சொல்கிறது. "இல்லை" என்று சொல்ல வேண்டுமானால்கூட அவர் அந்த வரியை எடுத்துப் பார்த்தாக வேண்டும். "பலமுறை அலைந்தும் பலனில்லை", "மிகுந்த மன உளைச்சல்" என்று முதல் வரைவில் ஒரு பத்தி எழுதியிருந்தேன், எல்லாம் உண்மைதான், ஆனால் திருத்துபவருக்கு அதில் எடுத்துச் செய்ய ஒன்றும் இல்லை. நீக்கிவிட்டேன். மூன்றாவது கோரிக்கையைச் சேர்த்தது நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் பட்டியல் மாறுவதற்கு முன்பே அது நடந்துவிட்டது.

கடிதத்தை நேரில் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்ட முத்திரையும் தேதியும் வாங்கிக்கொண்டேன். பன்னிரண்டாம் நாள் ஓர் அலுவலர் தபால்காரரோடு வந்து தெருவை நடந்து பார்த்தார். கைவரைபடத்தைக் கையில் வைத்திருந்தார். எந்த வீட்டோடு எல்லை முடிகிறது என்று கேட்டபோது தபால்காரர் சொன்ன எண் எங்களுடையதிலிருந்து ஒன்று தள்ளியிருந்தது. ரயில் பாதையை ஒட்டி இந்தப் பக்கம் இருக்கும் 65-க்கு 41-தான் கொடுக்கிறார்கள், 14 தொடங்குவது 66-இலிருந்து. எங்கள் கடிதத்திலேயே ஒரு தப்பு, நல்லவேளையாக நடந்து பார்க்க வந்தார்கள். இல்லையென்றால் எங்கள் பிரச்சினையை 65-ஆம் வீட்டுக்காரர் தலையில் கட்டியிருப்போம். எல்லை வீட்டைத் தபால்காரரிடம் கேட்டுவிட்டுப் பிறகு எழுதியிருக்க வேண்டும்.

ஐந்தாவது வாரம் உறுதிக் கடிதம் வந்தது. பட்டியலில் தெரு இரண்டாகப் பிரிந்தது அதற்கும் ஒரு மாதம் கழித்து. உடனே எல்லாம் சரியாகிவிடும் என்று அக்கா நினைத்தாள், அது நடக்காது. பட்டியல் மாறினால் இனிமேல் புதிதாகப் பார்ப்பவருக்குத்தான் சரியான எண் கிடைக்கும். ஏற்கனவே 41-ஐ எடுத்துத் தங்கள் பதிவில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு யாரும் போய்ச் சொல்வதில்லை. அதனால் உறுதிக் கடிதத்தின் நகலோடு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தெரிவிக்க வேண்டியிருந்தது. அடையாள ஆவணத்தை முதலில் மாற்றினோம், ஏனென்றால் மற்றவர்கள் அதைத்தான் கேட்கிறார்கள். அப்புறம் வங்கி, அப்புறம் காப்பீடு. வங்கியில் ஒரு வேடிக்கை: அவர்களுடைய மென்பொருள் 14-ஐ ஏற்க மறுத்தது, தெருவும் எண்ணும் பொருந்தவில்லை என்று. பழைய பட்டியலின் நகலை அவர்கள் இன்னும் புதுப்பிக்கவில்லை. அங்கே இருந்தவர் தெருப் பெயரை முகவரியின் முதல் வரிக்குத் தள்ளி, தெருக் கட்டத்தைக் காலியாக விட்டு, எண்ணை உள்ளே ஏற்றினார். அழகான வழி இல்லை, ஆனால் அடுத்த கவர் மூன்றாம் நாள் வந்தது.

பட்டியல் மாறியபின் அதே ஜோடிக் கவர் சோதனையை மறுபடி செய்தேன். 14 இரண்டாம் நாள். 41 போட்டது நான்காம் நாள். தப்பான எண் தப்பான அஞ்சலகத்துக்குத்தான் இன்னும் போகிறது, அது மாறாது, ஆனால் அங்கே இருப்பவர்கள் இப்போது பட்டைக்குறியையும் அடித்து அன்றே அனுப்பிவிடுகிறார்கள். தனியார் கூரியர்களை இந்தக் கடிதம் தொடவே இல்லை, அவர்கள் வைத்திருக்கும் வரைபடம் வேறு. அவர்களுக்கு அக்கா இன்னும் போனில்தான் வழி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஒரு மாத இதழ் மட்டும் இன்றும் 41 போட்டு வருகிறது. மூன்று முறை எழுதியாயிற்று. சந்தா முடியும்வரைக்குமான முகவரிச் சீட்டுகளை மொத்தமாக அச்சடித்துவிட்டார்களாம், இன்னும் ஐந்து மாதத்துச் சீட்டு மிச்சம் இருக்கிறதாம்.